29 முந்திரி பாக்கெட் எங்கே போச்சு? கடையில ஸ்டாக் குறையுறதைக் கண்டுபிடிக்கும் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்லேர்ந்து ஆரம்பிக்கலாம். அவங்க அப்பாவோட மளிகைக் கடையை இப்போ அவங்கதான் பார்த்துக்கிறாங்க. ஸ்டாக் எடுத்தா ஒவ்வொரு வருஷமும் பெரிய தொகை இடிக்குது. "கேமரா எத்தனை வைக்கணும்?" இதுதான் அவங்க கேள்வி.

கேமராவுக்குக் கடைசியில வர்றேன். கடைகளுக்கு ஸ்டாக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறது என் வேலை. அதனால இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். கேக்குற எல்லாருக்குமே மனசுக்குள்ள ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும், யாரோ எடுக்குறாங்கன்னு. யாருன்னு மட்டும்தான் தெரியணும். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்குற ஸ்டாக் அதைச் சொல்லவே சொல்லாது. 365 நாள்ல நடந்ததெல்லாம் ஒரே ஒரு எண்ணா சுருங்கி வந்து நிக்கும். அதுல திருட்டு எவ்வளவு, தப்பா போட்ட பில் எவ்வளவு, டெலிவரி எடுக்கும்போதே குறைஞ்சது எவ்வளவுன்னு பிரிக்க வழியே கிடையாது.

அதனால நான் எப்பவும் சொல்றது ஒண்ணுதான். கடையில 2,000 ஐட்டம் இருந்தாலும் பத்துப் பன்னிரண்டை மட்டும் எடுத்துக்குங்க. சின்னதா, விலை கூடுதலா, வேகமா விக்கிறதா இருக்கணும். முந்திரி, ஏலக்காய், நெய், ஷேவிங் பிளேடு, பெரிய சாக்லேட், இந்த மாதிரி. தினமும் கடை மூடின அப்புறம் அதை மட்டும் எண்ணுங்க. இருபது நிமிஷ வேலைதான். கம்ப்யூட்டர் சொல்ற இருப்பு ஒரு பக்கம், கையில இருக்கிறது இன்னொரு பக்கம், வித்தியாசம் மூணாவதா. ஒரு நோட்டு போதும். எண்ணுறவர் அன்னிக்கு பில் போட்டவரா இருக்கக் கூடாது. எண்ணி முடிக்கிற வரைக்கும் கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு அவருக்குத் தெரியவும் கூடாது. தெரிஞ்சா மனசு அந்த எண்ணைத்தான் எண்ணும்.

இதுல என்ன கிடைக்கும்னு ஒரே ஒரு பொருளை வச்சுக் காட்டுறேன். சென்னையில ஒரு கடை, மூணு பில்லிங் கவுண்டர், ஆறு பேர் வேலை செய்றாங்க. பொருள், 100 கிராம் முழு முந்திரி பாக்கெட். 10 கிலோ டின்னா வாங்கி, கடையிலேயே பேக் பண்ணி, 120 ரூபாய்க்கு விக்கிறாங்க.

ரெண்டு வாரக் கணக்கு இது. ஆரம்பத்துல 140 பாக்கெட் இருந்துச்சு. நடுவுல ரெண்டு டின் பேக் பண்ணதுல 200 சேர்ந்துச்சு. பில் ஆனது 232. அப்போ 108 இருக்கணும். ரேக்குலயும் கோடவுன்லயும் சேர்த்து எண்ணினா 79தான் இருந்துச்சு. 29 பாக்கெட் காணோம். விக்கிற விலையில 3,480 ரூபாய்.

முதலாளிக்கு சந்தேகம் யார் மேலன்னா, பேக்கிங் பண்ற அக்கா மேல. அவங்கதான் கோடவுன்ல தனியா உட்கார்ந்து வேலை செய்றவங்க. சாப்பாட்டுப் பை வேற உள்ளேயே வச்சிருப்பாங்க. அது நிரூபணம் ஆகலைன்னா ஆறு பேர் சம்பளத்துலயும் பங்கு போட்டுப் பிடிச்சிடலாம்னு ஒரு யோசனையும் அவருக்கு இருந்துச்சு. இது நிறைய கடைல நடக்குறதுதான். அதைப் பத்திக் கொஞ்ச நேரத்துல பேசுவோம்.

முதல்ல அந்த 200ஐப் பாருங்க. ரெண்டு டின், 20 கிலோ, 100 கிராம் வீதம் 200 பாக்கெட். கணக்கு சரி. ஆனா அதை எண்ணி எழுதினாங்களா, வகுத்து எழுதினாங்களா? வகுத்துதான். டின் உடைச்ச உடனே ஆபீஸ்ல 100ன்னு என்ட்ரி போட்டுட்டாங்க. நோட்டைப் பார்த்தா, பேக்கிங் நடந்த ரெண்டு நாள் ராத்திரியிலயும் ஒரு குறைவு விழுந்திருந்தது, ஒரு நாள் 3, இன்னொரு நாள் 4. ரேக்குக்கே போகாத பாக்கெட் எப்படிக் காணாம போகும்?

சீல் உடைக்காத புது டின் ஒண்ணை எங்க முன்னாடியே பேக் பண்ணச் சொன்னோம். 96 பாக்கெட்தான் வந்துச்சு. அக்கா எதையும் ஒளிக்கல, ஒரு பருப்புகூட வெளியே போகல. காரணம் தராசு. அது கவுண்டர்ல அரிசி, வெங்காயம் போடுற 30 கிலோ எலெக்ட்ரானிக் தராசு. அஞ்சு அஞ்சு கிராமாத்தான் எண்ணு மாறும். 100ன்னு காட்டுறப்போ உள்ளே 98ம் இருக்கலாம், 102ம் இருக்கலாம். குறைஞ்சுடக் கூடாதேன்னு அக்கா ஒவ்வொண்ணுலயும் கூட ரெண்டு பருப்பு போட்டாங்க. அவங்க பண்ணது நியாயமான வேலை. பாக்கெட் மேல 100 கிராம்னு அச்சடிச்சா உள்ளே அது இருந்தாகணும், கவரோட எடையை அதுல சேர்க்கவும் கூடாது. குறைஞ்சா எடையளவுச் சட்டப்படி மாட்டுறது கடைக்காரர்தான். ஆனா ஒரு பாக்கெட்டுக்கு சராசரியா மூணரை கிராம் கூடப் போனா 20 கிலோவுல 7 பாக்கெட் காணாம போயிடும். 193தான் வந்திருக்கும், 200 இல்ல.

இதுக்குத் தீர்வு, ஒவ்வொரு கிராமா இல்லன்னா அதைவிடச் சின்னதா காட்டுற ஒரு சின்ன தராசு, முத்திரை போட்டது. காலி கவரை வச்சு டேர் பட்டனை அழுத்திட்டு ஆரம்பிக்கணும். அதைவிட முக்கியம், கம்ப்யூட்டர்ல ஏறுற எண் வகுத்து வந்ததா இருக்கக் கூடாது, பேக் பண்ணி எண்ணின எண்ணா இருக்கணும். டின்னுக்கு 96 வந்தா 96. அப்போ அந்த 4 பாக்கெட்டோட செலவு பேக்கிங் நஷ்டம்னு தனியா தெரியும், யார் தலையிலயும் போய் விழாது. (புளி, வெல்லம் மாதிரி ஈரம் இருக்கிற சரக்கை மூட்டையா வாங்கி சில்லறையா பேக் பண்றவங்களுக்கு இது இன்னும் அதிகமா இருக்கும். காயக் காய எடை குறையும்.)

29ல 7 போச்சு, மிச்சம் 22.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒரு பொருள் குறையுதுன்னா அதை மட்டும் பார்க்காதீங்க, அது மாதிரியே இருக்கிற இன்னொரு பொருளையும் எண்ணுங்க. இந்தக் கடையில அது உடைச்ச முந்திரி, அதே 100 கிராம், அதே கவர், 95 ரூபாய். அந்த ரெண்டு வாரத்துல அதைப் புதுசா பேக் பண்ணவே இல்ல. ஆனா எண்ணினா, கணக்குல இருக்க வேண்டியதைவிட 13 பாக்கெட் அதிகமா இருந்துச்சு.

பொருள் தானா குட்டி போடாது. ஒண்ணுல குறைவு, அதோட ஜோடியில அதே அளவு கூடுதல்னா பில் மாறிப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். முழு முந்திரி வெளியே போயிருக்கு, கம்ப்யூட்டர் உடைச்சதுன்னு எழுதியிருக்கு. முதல்ல நமக்குத் தோணுறது கேஷியர் தப்புன்னுதான். பக்கத்துல இருக்கிற ரெண்டு பாக்கெட்டையும் ஒண்ணா நினைச்சு, ஒண்ணை ஸ்கேன் பண்ணிட்டு "3"ன்னு அடிக்கிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. ஆனா இங்கே ரேக்குல மிச்சம் இருந்த முழு முந்திரி பாக்கெட்டையெல்லாம் திருப்பிப் பார்த்தோம். நாலு பாக்கெட்டுல உடைச்ச முந்திரி ஸ்டிக்கர். முன்னாடி அடிச்சு மிச்சமான ஸ்டிக்கர் பேக்கிங் மேஜையிலேயே கிடந்திருக்கு, புது பாக்கெட்டுல அதை ஒட்டிட்டாங்க.

இதுல காணாம போனது 13 பாக்கெட் இல்ல, பாக்கெட்டுக்கு 25 ரூபாய், மொத்தம் 325 ரூபாய். பேக்கிங் முடிஞ்சதும் மிச்ச ஸ்டிக்கரைக் கிழிச்சுப் போட்டுடணும், கவரோட நிறத்தையும் மாத்தணும். வேற எதுவும் வேண்டாம்.

கூடுதலா இருக்கிறதைப் பார்த்து யாரும் கவலைப்பட மாட்டாங்க. நான் படுவேன். டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்கீம்ல பத்து வாங்கினா ஒண்ணு இலவசம்னு தர்றார். டெலிவரி எடுக்குறவர் பத்துன்னு மட்டும் என்ட்ரி போடுறார். அந்தப் பதினொண்ணாவது பீஸ் கடையில இருக்கு, கணக்குல இல்ல. அதை யாராவது எடுத்தா எந்த ரிப்போர்ட்லயும் குறைவு வராது. ஏற்கெனவே போன திருட்டை மூடி மறைக்கவும் அது உதவும். அதனால இலவசமா வந்ததையும் பூஜ்யம் ரூபாய் விலை போட்டு ஸ்டாக்குல ஏத்திடுங்க.

இப்போ மிச்சம் 9. இங்கேதான் தினசரி நோட்டோட அருமை தெரியும். பேக்கிங் குறைவையும் ஸ்டிக்கர் குழப்பத்தையும் கழிச்சுட்டுப் பார்த்தா, இந்த 9 பாக்கெட் 14 நாள்லயும் பரவி இருக்கல. மூணு சாயங்காலம் ரெண்டு ரெண்டா 6. மத்த 3 வேற வேற நாள்ல ஒண்ணொண்ணா. அந்த மூணு சாயங்காலமுமே வெள்ளி, சனி, கூட்டம் தாங்காத நேரம்.

நிறைய பில்லிங் சாஃப்ட்வேர்ல பேர் வேற வேறயா இருந்தாலும் ஒரு ரிப்போர்ட் இருக்கும். ஸ்கேன் பண்ணின அப்புறம் பில்லுலேர்ந்து எடுத்த ஐட்டம், கேன்சல் ஆன பில், ஹோல்டு போட்டு அப்படியே விட்ட பில், இதெல்லாம் யார், எந்த கவுண்டர்ல, எத்தனை மணிக்குப் பண்ணாங்கன்னு. நிறைய முதலாளிகள் இதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க.

ஒரு கேஷியர் இந்த வழியை எப்படிப் பயன்படுத்துறார்னா, கஸ்டமர் ரொக்கமா கொடுக்கிறார், அவசரம், பில்லுக்காகக் காத்திருக்கல. மொத்தம் 860 ரூபாய்னு சொல்லி வாங்கிட்டு, பில்லை முடிக்கிறதுக்கு முன்னாடி முந்திரி வரியை ரெண்டு தடவை எடுத்துடுறார். கம்ப்யூட்டருக்கு 620தான் தெரியும். 240 ரூபாய் கல்லாவுல உபரியா நிக்கும், ராத்திரி கணக்கு முடிக்கிறதுக்குள்ள அது ஒரு பாக்கெட்டுக்குப் போயிடும். கல்லா பைசா சுத்தமா டேலி ஆகும். ஸ்டாக்ல மட்டும்தான் ஓட்டை தெரியும்.

ஆனா இங்கே அவசரப்படக் கூடாது. ஐட்டம் எடுக்குறது தினமும் நடக்குற சாதாரண விஷயம். கையில காசு பத்தாம "அந்த நெய் வேண்டாம்பா"ன்னு சொல்றவங்க எல்லா கடையிலயும் இருக்காங்க. மாசக் கடைசியில அது கூடும். சில்லறை வியாபாரம் அதிகம் நடக்குற கவுண்டர்ல இயல்பாவே அதிகமா இருக்கும். ஒரு கேஷியர் அதிகமா டெலீட் பண்றார்ங்கிறது மட்டுமே எதையும் நிரூபிக்காது.

ரெண்டையும் பிரிக்கிற வழி பொருளே சொல்லும். கஸ்டமர் உண்மையிலேயே வேண்டாம்னு சொன்னா அந்தப் பாக்கெட் கடையை விட்டுப் போகாது. கவுண்டர் பக்கத்துக் கூடையில கிடக்கும், இல்ல ரேக்குக்குத் திரும்பியிருக்கும். ராத்திரி எண்ணும்போது இருப்பு சரியா வரும். பொய்யா டெலீட் பண்ணியிருந்தா பில்லுலேர்ந்தும் போயிருக்கும், ரேக்குலேர்ந்தும் போயிருக்கும். அதனால டெலீட் ரிப்போர்ட்டையும் அன்னிக்கு ராத்திரி குறைவையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். எண்ணுறதுக்கு முன்னாடி கூடையையும், கவுண்டருக்கு அடியிலயும் பார்த்துடுங்க. அங்கே கிடக்குற பாக்கெட்டுக்காக ஒருத்தரைத் திருடன்னு சொல்லிடக் கூடாது.

அந்த மூணு சாயங்காலமும் ரெண்டாவது கவுண்டர்ல முழு முந்திரி டெலீட் ஆனது மொத்தம் 6. ராத்திரி எண்ணும்போது குறைஞ்சதும் 6. கூடை காலி. மத்த ரெண்டு கவுண்டர்லயும் டெலீட் இருந்துச்சு, ஆனா அந்த நாள்ல எதுவும் குறையல.

இப்போதான் கேமரா. 14 மணி நேர வீடியோவை யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டாங்க, பார்க்கவும் முடியாது. ஆனா ரிப்போர்ட்ல மணியும் நிமிஷமும் இருக்கு. அந்த நிமிஷங்களை மட்டும் பார்த்தா போதும். பாக்கெட் பைக்குள்ள போறதும், ரொக்கம் வாங்குறதும், கஸ்டமர் போன அப்புறம் கை கீபோர்டுக்குப் போறதும் தெரிஞ்சுது. கேமரா மணியும் கம்ப்யூட்டர் மணியும் ஒண்ணா இருக்கான்னு முன்னாடியே சரி பார்த்துக்குங்க. பத்து நிமிஷம் வித்தியாசம் இருந்தா வேற யாரோ மாட்டுவாங்க. அந்த நேயருக்கு என் பதில் இதுதான். கவுண்டர் மேல, கல்லாவும் கையும் பொருளும் தெரியுற மாதிரி ஒரு கேமரா இருந்தா, ரேக்கைப் பார்த்து வைக்கிற நாலைவிட அது உபயோகம்.

தடுக்குறதுக்கு அந்தக் கடையில செஞ்சது நாலஞ்சு விஷயம். ஒவ்வொரு கேஷியருக்கும் தனி லாகின். முன்னாடி மூணு பேரும் ஒரே பாஸ்வேர்டு, அந்த ரெண்டாவது கவுண்டர்ல அன்னிக்கு யார்னு ஷிப்ட் நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு. ஐட்டம் எடுக்கணும்னா சூப்பர்வைசர் வந்து அவரோட நம்பரை அடிக்கணும், எடுத்த பொருள் கூடைக்குப் போகணும். கூட்டத்துல இது இழுத்தடிக்கும்ங்கிறது உண்மைதான். அதனால 100 ரூபாய்க்கு மேல இருக்கிற ஐட்டத்துக்கு மட்டும்னு வச்சுக்கிட்டாங்க. கஸ்டமரைப் பார்த்து ஒரு விலை டிஸ்ப்ளே. பில் கையில கொடுத்தே ஆகணும். வாரத்துல ஒரு நாள், எந்த நாள்னு சொல்லாம, ஷிப்ட் நடுவுல கல்லாவை எண்ணுறது. அப்போ பணம் குறைஞ்சா மட்டும் இல்ல, கூட இருந்தாலும் கேள்வி கேக்கணும்.

மிச்சம் 3 பாக்கெட். அதுக்கு பதில் கிடைக்கல. கஸ்டமர் யாராவது பையில போட்டிருக்கலாம். அதுக்காக வர்றவங்க பையையெல்லாம் சோதிக்கிறது, பின்னாடியே நடக்குறது, இதெல்லாம் அந்த 360 ரூபாயைவிட அதிகமா வியாபாரத்தைக் கெடுக்கும். முந்திரி ரேக்கைக் கடைசி மூலையிலேர்ந்து கவுண்டர் பார்வைக்கு மாத்தினாங்க, ரேக்குல ஒரு நேரத்துக்கு 20 பாக்கெட் மட்டும் வச்சாங்க. இருபதுல ரெண்டு போனா கண்ணுக்குத் தெரியும், எண்பதுல தெரியாது.

இப்போ அந்த சம்பளப் பிடித்தம். 3,480 ரூபாயை ஆறு பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு 580. தராசு பண்ண தப்புக்கும் ஸ்டிக்கர் பண்ண தப்புக்கும் சேர்த்து பேக்கிங் அக்கா 580 கட்டியிருப்பாங்க. பணத்தை எடுத்தவரும் அதே 580 கட்டிட்டு, எடுத்த 720ல 140 லாபத்தோட போயிருப்பார். கடையோட உண்மையான நஷ்டமும் 3,480 இல்ல. பேக்கிங்ல 840, ஸ்டிக்கர்ல 325, காணாம போன 9க்கு 1,080. மொத்தம் 2,245.

சட்டமும் இதை ஒத்துக்காது. 1936-ம் வருஷ ஊதியச் சட்டமும் சரி, அதுக்குப் பதிலா வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, பொருள் நஷ்டத்துக்காகப் பிடிக்கணும்னா, அது அந்த ஊழியர்கிட்ட குறிப்பா ஒப்படைச்ச பொருளா இருக்கணும், அவரோட கவனக்குறைவாலயோ தப்பாலயோ நேரடியா நடந்திருக்கணும், விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பு கொடுத்திருக்கணும்னு சொல்லுது. "எல்லாரும் சேர்ந்து கட்டுங்க"ங்கிறதுக்கு அதுல இடமே இல்ல.

கணக்கு பார்க்கிறவனா எனக்கு இதுல இன்னொரு கோபமும் உண்டு. பங்கு போட்டுப் பிடிக்கிற கடையில எண்ணிக்கை உண்மையா வராது. 79ன்னு எண்ணினவர் 95ன்னு எழுதுவார், ஏன்னா குறைவு வந்தா அவர் சம்பளம் போகும். அக்கா பாக்கெட்டுல ரெண்டு பருப்பு குறைச்சுப் போட ஆரம்பிப்பாங்க. அப்புறம் எந்த நோட்டைத் திறந்தாலும் எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே இருக்கும், மார்ச் மாசம் ஸ்டாக் எடுக்குற வரைக்கும்.

அந்தக் கடையில ரெண்டாவது கவுண்டர்க்காரரைத் தனியா கூப்பிட்டு ரிப்போர்ட்டைக் காட்டினாங்க, ஒத்துக்கிட்டார், வேலையை விட்டுப் போயிட்டார். அடுத்த ரெண்டு வாரம் முழு முந்திரியில குறைவு 2. பேக்கிங் அக்காவுக்குப் புதுத் தராசு வந்துச்சு, டின்னுக்கு இப்போ 99 பாக்கெட் வருது. நோட்டுல முந்திரியை எடுத்துட்டு அந்த இடத்துல ஏலக்காயைச் சேர்த்திருக்காங்க.